மூலம், ஆயில்யம் பெண் ஜாதகமும் மாமனார் மாமியார் தோஷமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ட மூல நட்சத்திரம் என்று எவற்றைச் சொல்கிறார்கள்? ஏன் அந்த ஆறு மட்டும்?

அசுவினி, ஆயில்யம், மகம், கேட்டை, மூலம், ரேவதி. வடநாட்டு ஜோதிடர்கள் இவற்றைக் கண்ட மூலம் என்பார்கள். நம் ஊரில் கண்டாந்தம் என்ற சொல்தான் அதிகம் காதில் விழும்.

ராசி வட்டத்தில் 12 ராசி, 27 நட்சத்திரம். பெரும்பாலான இடங்களில் ஒரு ராசி முடியும்போது நட்சத்திரம் பாதியில் நிற்கும். கார்த்திகை முதல் பாதம் மேஷத்திலும் மற்ற மூன்று பாதங்கள் ரிஷபத்திலும் இருப்பது அப்படித்தான். ராசியும் நட்சத்திரமும் ஒன்றாக முடிந்து ஒன்றாகத் தொடங்கும் இடங்கள் வட்டத்தில் மூன்றுதான். ரேவதி முடிந்து அசுவினி தொடங்கும் மீன மேஷ எல்லை ஒன்று. ஆயில்யம் முடிந்து மகம் தொடங்கும் கடக சிம்ம எல்லை இன்னொன்று. கேட்டை முடிந்து மூலம் தொடங்கும் விருச்சிக தனுசு எல்லை மூன்றாவது. மூன்றிலும் நீர் ராசி முடிந்து நெருப்பு ராசி தொடங்குகிறது. இந்தச் சந்தியைத்தான் பழைய ஜோதிடம் முடிச்சு விழுந்த இடமாகப் பார்த்தது.

தோஷம் என்று சொல்லப்படுவது சந்தியை ஒட்டியது, முழு நட்சத்திரத்துக்கும் ஒரே அளவானது இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதக் கணக்கு எல்லாம் தானாகவே புரியும்.

மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கேயாவது எழுதியிருக்கிறதா, சும்மா பேச்சு வழக்கா?

எழுதியிருக்கிறது. காசியில் ராம தைவக்ஞர் 1600ஆம் ஆண்டு முடித்த முகூர்த்த சிந்தாமணியில், திருமணப் பகுதியில் ஒரு சுலோகம் இதைத்தான் சொல்கிறது. ஆயில்யத்தில் பிறந்தவர் மாமியாருக்கு ஆகாது, மூலத்தில் பிறந்தவர் மாமனாருக்கு ஆகாது, கேட்டையில் பிறந்த பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது, விசாகத்தில் பிறந்த பெண் கணவனின் தம்பிக்கு ஆகாது. இந்த நான்கு வரிதான் நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. விசாகம் கண்ட மூல நட்சத்திரமே இல்லை, ஆனாலும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

அடுத்த சுலோகத்தை யாரும் சொல்வதில்லை. அதுதான் விலக்கு. மூலத்தின் கடைசிப் பாதமும் ஆயில்யத்தின் முதல் பாதமும் மாமனார் மாமியாருக்கு நன்மையே என்கிறது. விசாகத்தின் முதல் மூன்று பாதங்களில் பிறந்த பெண்ணால் கொழுந்தனுக்குச் சுகம்தான் என்கிறது. துலாம் விசாகத்துக்குத் தோஷம் இல்லை, விருச்சிக விசாகத்துக்குத்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது இங்கிருக்கும் கணக்கோடு ஒத்துப்போகிறது.

சந்தியை வைத்துப் பாருங்கள். மூலத்தின் முதல் பாதம் கேட்டையை ஒட்டி நிற்கிறது, நான்காம் பாதம் எல்லையை விட்டு வெகு தூரம் வந்துவிட்டது. ஆயில்யத்தில் இது தலைகீழ். நான்காம் பாதம்தான் மகத்தை ஒட்டியது, முதல் பாதம் தள்ளி இருப்பது. அதனால்தான் இதில் கடைசிக்கும் அதில் முதலுக்கும் விலக்கு. கேட்டைக்கு மட்டும் அந்தச் சுலோகத்தில் விலக்கு எதுவும் இல்லை.

பையன் மூலம் நட்சத்திரம் என்றால் யாரும் கேட்பதில்லையே? பெண்ணுக்கு மட்டும்தானா தோஷம்?

நம் வழக்கத்தில் பெண்ணுக்கு மட்டும். நூலில் அப்படி இல்லை. ஆயில்யம், மூலம் இரண்டுக்கும் அந்தச் சுலோகம் மகன், மகள் என்று இருவரையும் சேர்த்தே சொல்கிறது. கேட்டைக்கும் விசாகத்துக்கும்தான் பெண் என்று பிரித்துச் சொல்கிறது. அதன்படி பார்த்தால் மூல நட்சத்திர மாப்பிள்ளை பெண்ணின் அப்பாவுக்கு ஆகாது, ஆயில்ய மாப்பிள்ளை பெண்ணின் அம்மாவுக்கு ஆகாது. எந்தப் பெண்ணைப் பெற்றவராவது இதைச் சொல்லி வரனைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்த வட்டத்தில் ஒரு வீட்டில்கூட இல்லை. ஜாதகம் வாங்கிப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் வசதி மாப்பிள்ளை வீட்டாரிடம் இருந்ததால், விதியில் அவர்களுக்குத் தேவைப்பட்ட பாதி மட்டும் தங்கிவிட்டது என்பது என் கணிப்பு.

ஒரு கொசுறு. வால்மீகி ராமாயணப்படி லட்சுமணனும் சத்ருக்னனும் பிறந்தது ஆயில்யத்தில். ஜனகர் வீட்டில் அதை ஒரு பேச்சாகவே எடுத்ததாகத் தெரியவில்லை.

"ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று பழமொழியே இருக்கிறதே?

இருக்கிறது, பல வடிவங்களில். "ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்" என்றும் சொல்வார்கள். பின் மூலம் என்பது பின் பாதங்களைக் குறிக்கும் என்று வைத்தால் அது மேலே சொன்ன விலக்குக்கு நேர் எதிராகப் போகும். எது மூல வடிவம் என்று சண்டை போட்டுப் பயனில்லை. "மகத்துப் பெண் ஜகத்தை ஆளும்", "பரணி தரணி ஆளும்", "கேட்டையில் பிறந்தவன் கோட்டை ஆள்வான்" என்று எதுகைக்காக எழுந்த வரிகள் நம்மிடம் நிறைய. கேட்டை மருமகள் வேண்டாம் என்பதும் கேட்டைக்குக் கோட்டை என்பதும் ஒரே வீட்டில் ஒரே வாயிலிருந்து வரும். மூலம் ஆஞ்சநேயரின் நட்சத்திரம். நவராத்திரியில் சரஸ்வதியை ஆவாஹனம் செய்வதும் மூலத்தன்றுதான்.

என் மகளுக்கு எந்தப் பாதம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜாதகத்தில் வெறும் "மூலம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

பஞ்சாங்கம் கையில் இருந்தால் நேர்க் கணக்கு. நட்சத்திரம் தொடங்கிய நேரத்திலிருந்து முடிந்த நேரம் வரை எடுத்து, நான்காகப் பிரிக்க வேண்டும். 24 மணி நேரம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஆறு ஆறாகப் பிரிக்கக் கூடாது. சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை, ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ 21 முதல் 27 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும்.

ஒரு உதாரணம். மூலம் முந்தைய நாள் இரவு 8.00 மணிக்குத் தொடங்கி மறுநாள் இரவு 9.36க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 25 மணி 36 நிமிடம். ஒரு பாதம் 6 மணி 24 நிமிடம். முதல் பாதம் விடியற்காலை 2.24 வரை, இரண்டாம் பாதம் காலை 8.48 வரை, மூன்றாம் பாதம் மாலை 3.12 வரை, அதன் பிறகு நான்காம் பாதம். பெண் பிறந்தது பிற்பகல் 2.30 என்றால் மூன்றாம் பாதம். 3.15 என்றால் நான்காம் பாதம், விலக்கு உண்டு. இடையில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். "மத்தியானம் சாப்பிட்டு முடித்தபோது பிறந்தாள்" என்று பாட்டி சொன்னதை வைத்து எழுதிய ஜாதகமானால், எந்தப் பாதம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மருத்துவமனையில் கொடுத்த சீட்டு பத்திரமாக இருந்தால் அதில் நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பஞ்சாங்கம் இல்லாவிட்டால் ஜாதகத்திலேயே இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று தசை இருப்பு. மூலத்தில் பிறந்தவருக்குக் கேது தசை நடக்கும், மொத்தம் 7 வருடம். பிறக்கும்போது கேது தசை இருப்பு 1 வருடம் 9 மாதத்துக்குக் குறைவாக எழுதியிருந்தால் நான்காம் பாதம். மேலே சொன்ன 2.30 மணிப் பெண்ணுக்கு இருப்பு 1 வருடம் 11 மாதம் வரும், அதனால் மூன்றாம் பாதம் என்பது உறுதியாகிறது. ஆயில்யத்துக்குப் புதன் தசை, 17 வருடம். இருப்பு 12 வருடம் 9 மாதத்துக்கு மேல் இருந்தால் முதல் பாதம். இரண்டாவது அடையாளம் நவாம்சக் கட்டம். அதில் சந்திரன் கடகத்தில் இருந்தால் மூலம் நான்காம் பாதம். ஆயில்யக்காரருக்குத் தனுசில் இருந்தால் முதல் பாதம். தசை இருப்பு ஒன்று சொல்லி நவாம்சம் வேறொன்று சொன்னால், ஜாதகம் கணித்ததில் எங்கோ பிசகு இருக்கிறது. புதிதாகக் கணிக்கச் சொல்லுங்கள்.

வாக்கியப் பஞ்சாங்கத்தில் கேட்டை வருகிறது, திருக்கணிதத்தில் மூலம் வருகிறது. எதை நம்புவது?

சந்திக்கு அருகில் பிறந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வரும். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திர முடிவு நேரத்தில் சில நாட்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம் வரலாம். கேட்டைக்கும் மூலத்துக்கும் நடுவே என்றால் நட்சத்திரம் மட்டும் மாறாது. ராசி விருச்சிகத்திலிருந்து தனுசு ஆகும், தொடக்க தசை புதனிலிருந்து கேது ஆகும். தோஷமும் மூத்தாரிடமிருந்து மாமனாருக்குத் தாவிவிடும்!

வானத்தில் சந்திரன் உண்மையில் எங்கே இருந்தது என்று கேட்டால் திருக்கணிதம்தான் அதற்கு நெருக்கம். ஆனால் பல குடும்பங்கள் தலைமுறையாக வாக்கியத்தையே பின்பற்றுகின்றன. இரு வீட்டாரும் ஒரே பஞ்சாங்கத்தில் பார்ப்பதுதான் முக்கியம். பெண் ஜாதகம் வாக்கியத்திலும் பையன் ஜாதகம் திருக்கணிதத்திலும் இருந்தால், ஒப்பிட்டதற்கே அர்த்தமில்லை.

கைபேசிச் செயலியில் கணித்தால் அயனாம்சம் எது என்று பாருங்கள். லஹிரி, ராமன் என்ற இரண்டு அயனாம்ச முறைகளுக்கும் ஏறக்குறைய ஒன்றரை பாகை வித்தியாசம். சந்திரனுக்கு அது இரண்டரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். ஒரு பாதமே 3 பாகை 20 கலைதான், அதனால் பாதம் மாறிப்போவது சாதாரணம்.

பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கிறது. ஆனாலும் மூலம் என்று தெரிந்ததும் பையன் வீட்டில் பின்வாங்குகிறார்கள். பொருத்தத்துக்குள் இது வராதா?

வராது. தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை ஆகிய பத்தும் பெண்ணையும் பையனையும் மட்டும் பார்ப்பவை. மாமனார் மாமியாருக்கு அதில் இடமே இல்லை. இது தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் விதி. அதனால்தான் பத்தும் பொருந்தினாலும் இந்த ஒன்று வந்து தடுக்கும்.

அவர்களிடம் பேச வேண்டியிருந்தால், தோஷம் உண்டா இல்லையா என்ற வாதத்தில் இறங்க வேண்டாம். அது முடியாது. "எந்தப் பாதம் என்று பார்த்தீர்களா, எந்தப் பஞ்சாங்கத்தில் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் ஜோதிடரே பாத விலக்கைச் சொல்லிவிட்டால் பெரியவர்களுக்குக் கௌரவமாக இறங்கி வர வழி கிடைக்கும். ஒன்று, இரண்டு, மூன்றாம் பாதமாக இருந்தால் இந்த வழி அடைபடும். அப்போது நேராகக் கேட்டுவிடுவது நல்லது: நம்பிக்கை இருக்கிறதா, இல்லையா? அரை மனதோடு சம்மதிக்கும் வீட்டைவிட, இப்போதே வேண்டாம் என்று சொல்லும் வீடு மேல். காரணம் கீழே ஒரு கேள்வியில் வருகிறது.

மாமனார் இல்லாத வீடாகப் பாருங்கள் என்கிறார் ஜோதிடர். சரியா?

விதியை நம்புகிறவர்கள் வைத்திருக்கும் வழி அது. மூலத்துக்கு மாமனார் இல்லாத வீடு, ஆயில்யத்துக்கு மாமியார் இல்லாத வீடு, கேட்டைக்கு மூத்த மகன், விசாகத்துக்குக் கடைசி மகன் என்று தேடுவார்கள். கேட்டை, விசாகம் இரண்டுக்கும் இதில் பெரிய கஷ்டம் இல்லை, மூத்த மகன்களுக்கும் கடைசி மகன்களுக்கும் பஞ்சமில்லை. மூலப் பெண்ணுக்குத்தான் அடி விழுகிறது. 25, 26 வயதுப் பெண்ணுக்கு அப்பாவை இழந்த பையன்களை மட்டும் வடிகட்டினால், படிப்பு, வேலை, குணம் என்று பார்ப்பதற்கு முன்பே பட்டியல் சுருங்கிவிடும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். அதில் பாதி பெண்கள், அவர்களில் 27இல் ஒரு பங்கு என்று தோராயமாக வைத்தாலும் மூல நட்சத்திரப் பெண்கள் 13 லட்சம் பேர். இத்தனை பேரும் மாமனார் இல்லாத வீடு தேடி எங்கே போவார்கள்?

மூலப் பெண்ணுக்கு ஆயில்யப் பையனைப் பார்த்தால் தோஷத்துக்குத் தோஷம் சரியாகிவிடாதா?

செவ்வாய் தோஷத்தில் செய்வதை இங்கே கொண்டுவருகிறீர்கள். ஆயில்யமும் மூலமும் ஒன்றுக்கொன்று வேதை, அதாவது சேரக் கூடாத ஜோடி, அதனால் பத்துப் பொருத்தத்திலேயே அடிபடும். அசுவினிக்குக் கேட்டை வேதை, மகத்துக்கு ரேவதி வேதை. கண்ட மூல நட்சத்திரங்கள் ஆறும் தங்களுக்குள்ளேயே வேதையாக ஜோடி சேர்ந்திருக்கின்றன.

பரிகாரம் என்ன?

குழந்தை பிறந்து அதே நட்சத்திரம் திரும்ப வரும் நாளில், ஏறத்தாழ 27ஆம் நாள், சாந்தி செய்வது பழைய முறை. வடநாட்டில் இது இன்றும் அதிகம். அது பெற்றோருக்குச் சொல்லப்பட்ட தோஷத்துக்கானது. மூலத்தின் முதல் மூன்று பாதங்கள் தந்தை, தாய், செல்வம் என்று வரிசையாகப் பாதிக்கும், நான்காவது நன்மை, சாந்தி செய்தால் எல்லாமே நன்மை என்று முகூர்த்த சிந்தாமணியே சொல்கிறது. ஆயில்யத்துக்கு இந்த வரிசை தலைகீழ்.

திருமணத்துக்கு என்று நம் பக்கம் நட்சத்திர ஹோமமும் கோயில் வழிபாடும் சொல்வார்கள். மூலத்துக்குத் திருவள்ளூர் பக்கம் மப்பேடு சிங்கீஸ்வரர், ஆயில்யத்துக்குக் கும்பகோணம் அருகே திருந்துதேவன்குடி கற்கடேஸ்வரர். போய் வாருங்கள், நல்ல பழைய கோயில்கள். ஆனால் பல்லாயிரம் ரூபாய்க்கு ஒரு பரிகாரப் பட்டியலை நீட்டுகிறவர் பாதத்தைக் கணக்குப் போடாமலேயே நீட்டினால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளி பூராடம் என்று எழுதிவிடலாம் என்கிறார் தரகர்.

வேண்டாம். தனுசு ராசி மாறாது என்பதால் இது எளிதான வழியாகத் தோன்றும், ஆனால் மாட்டிக்கொள்வதும் அவ்வளவு எளிது. பிறந்த தேதி சான்றிதழில் இருக்கும். அன்றைக்குப் பூராடம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மாப்பிள்ளை வீட்டு ஜோதிடர் பார்த்துவிடுவார். மூலத்தைப் பூராடம் ஆக்கினால் கேது தசை இருந்த இடத்தில் 20 வருடச் சுக்கிர தசை வந்து உட்காரும், அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் தசா புத்திக் கணக்கு தப்பு. கல்யாணத்துக்குப் பிறகு பழைய நோட்டில் எழுதிய உண்மை ஜாதகம் ஒரு நாள் வெளியே வரும். அன்று பிரச்சினை நட்சத்திரத்தோடு நிற்காது.

எனக்கு மூலம். கல்யாணம் ஆகி இரண்டாவது வருடம் மாமனார் மாரடைப்பில் இறந்துவிட்டார். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

உங்கள் நட்சத்திரம் அவரைக் கொல்லவில்லை, அம்மா. ஜோதிடத்தின் கணக்குக்குள் நின்று பேசினாலும் இதே பதில்தான். ஒருவரின் ஆயுளை அவரவர் ஜாதகத்தில் அஷ்டமத்தையும் ஆயுள்காரகன் சனியையும் வைத்துத்தான் பார்ப்பார்கள். மருமகளின் சந்திரன் நிற்கும் இடத்தை மட்டும் வைத்து மாமனாரின் ஆயுளை எந்த ஜோதிடரும் கணிப்பதில்லை. அவருக்கு இன்னொரு மருமகள் இருந்தால், மருமகன் இருந்தால், அவர்களின் நட்சத்திரத்தை யாராவது எடுத்துப் பார்த்தார்களா?

ஜோதிடத்துக்கு வெளியே வந்தால் இன்னும் எளிது. மகனுக்குக் கல்யாணம் ஆகும்போது அப்பாவுக்கு 55, 60 வயது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இதய நோய் எல்லாம் வரும் வயது. அதன் பிறகு வரும் ஆண்டுகளில் பெரும்பாலான மருமகள்கள் மாமனாரை இழக்கத்தான் செய்வார்கள். ரோகிணிப் பெண் வந்த வீட்டில் நடந்தால் அது மாரடைப்பு. மூலப் பெண் வந்த வீட்டில் நடந்தால் மூலம். மூலப் பெண் வந்து மாமனார் 85 வயது வரை நடமாடும் வீடுகளை யாரும் உதாரணமாகச் சொல்வதே இல்லை, அங்கே சொல்வதற்குக் கதை இல்லை.

வீட்டில் பேச வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் பேசினால் அது தற்காப்பாகத்தான் கேட்கும். அம்மாவிடம், அத்தையிடம், சித்தப்பாவிடம் "அப்பாவுக்கு நோய் இருந்தது, இவள் மேல் பழி போடாதீர்கள்" என்று அவர் ஒருமுறை தெளிவாகச் சொல்ல வேண்டும். கணவரும் சேர்ந்து அமைதியாக இருக்கிறார் என்றால் உங்கள் பிறந்த வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பரிகாரம் செய்தால் பார்வை மாறும் என்று யாராவது சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்டால், பழியையும் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் அதற்கு மட்டும் சரி என்று சொல்லாதீர்கள்.

மகம், அசுவினி, ரேவதிப் பெண்களுக்கும் இது உண்டா?

மாமியார் வீட்டைப் பொறுத்தவரை கிடையாது. இந்த மூன்றும் கண்ட மூலப் பட்டியலில் இருந்தாலும், திருமணத்துக்குச் சொன்ன சுலோகத்தில் இல்லை. இணையத்தில் வடநாட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு மகத்துக்கும் தோஷம் என்று யாராவது சொன்னால், அது குழந்தை பிறந்தபோது பார்க்கும் கணக்கு, கல்யாணத்துக்கு உரியது இல்லை என்று சொல்லுங்கள்.